பழைய சங்கிலி கொடுத்து நெக்லஸ்: வரி முழு விலைக்கா, மீதித் தொகைக்கு மட்டுமா?

நொய்யல்கரை:
வணக்கம். அம்மாவின் பழைய முறுக்குச் சங்கிலி ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது. 1998 வாக்கில் ஊர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. அதைக் கொடுத்துவிட்டு மகளுக்கு ஒரு நெக்லஸ் எடுக்கலாம் என்று போன சனிக்கிழமை கோவையில் ஒரு கடைக்குப் போனோம். பில் இன்னும் போடவில்லை, எஸ்டிமேட் சீட்டு மட்டும் கையில் இருக்கிறது, 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன், சங்கிலியைக் கொடுக்காமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

சீட்டில் உள்ளது இதுதான். அன்றைக்கு போர்டு ரேட் 22 காரட் கிராமுக்கு 9,000. புது நெக்லஸ் கல் இல்லாமல் 28 கிராம், சேதாரம் 14 சதவீதம், ஆக 31.920 கிராமுக்கு 2,87,280 ரூபாய். செய்கூலி 2,800. மொத்தம் 2,90,080. பழைய சங்கிலியில் டாலரைக் கழற்றிவிட்டு 24 கிராம் நின்றது. தங்கத்தின் தரம் பார்க்கும் மெஷினில் வைத்ததில் 88 என்று வந்தது, அதனால் 88 சதவீதம் எடுத்துக்கொண்டு 21.120 கிராம், 1,90,080 ரூபாய். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, மெஷினில் வந்த எண்ணைக் கண்ணெதிரே பார்த்தேன். கழித்தால் சரியாக ஒரு லட்சம். சேல்ஸ்மேன் தம்பிக்கே சிரிப்பு, "சுத்தமா ஒரு லட்சம் வருதுங்க மேடம்" என்றார்.

பிரச்சினை வரியில்தான். 3 சதவீத ஜிஎஸ்டியை 2,90,080க்குப் போட்டு 8,702 ரூபாய் கேட்கிறார்கள். என் கொழுந்தனார், அவருக்குத் தெரிந்த கடையில் பழையதைக் கழித்த பிறகு மீதி இருக்கும் ஒரு லட்சத்துக்கு மட்டும்தான் வரி, 3,000 ரூபாய் கொடுத்தால் போதும் என்கிறார். 5,702 ரூபாய் வித்தியாசம். எங்கள் தங்கத்துக்கே நாங்கள் வரி கட்டுவதுபோல இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

---

பெட்டிக்கடை:
கண்டிப்பாக ஏமாற்றுதான். பழைய நகை விஷயத்தில் வித்தியாசத் தொகைக்கு மட்டும்தான் ஜிஎஸ்டி என்று கர்நாடகாவில் 2021லேயே ஆர்டர் வந்துவிட்டது, பேப்பரில் படித்தேன். அதோடு செய்கூலிக்கு 5 சதவீதம், தங்கத்துக்கு 3 சதவீதம் என்று தனித்தனியாகப் போட வேண்டும், இவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அடித்திருக்கிறார்கள். பில்லை வாங்கி வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

---

மதுரைக்காரன்:
பழைய தங்கத்தைக் கொடுத்தால் கடையில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் தர மாட்டார்கள் சகோதரி, மீதியை வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. பான் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒரு லட்சம் கைக்கு வந்தால் அதில் கொஞ்சம் காசாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

---

நொய்யல்கரை:
அண்ணா, ஒரு லட்சம் எனக்கு வருவது இல்லை, நான் கொடுக்க வேண்டியது :)

---

மதுரைக்காரன்:
ஓ. அவசரத்தில் படித்துவிட்டேன். அப்படியென்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

---

வவுச்சர்:
இரண்டு நகைக்கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒரு முறையாவது வரும். வரி விஷயத்தில் கடைக்காரர் சரி, கொழுந்தனார் தவறு.

ஒரே கவுண்டரில், ஒரே நேரத்தில் நடப்பதால் ஒரு கொடுக்கல் வாங்கல்போலத் தெரிகிறது, ஆனால் நடப்பது இரண்டு. நீங்கள் கடைக்குப் பழைய சங்கிலியை விற்கிறீர்கள். கடை உங்களுக்கு நெக்லஸை விற்கிறது. நீங்கள் வியாபாரி இல்லை, வீட்டில் இருந்த நகையைக் கொடுக்கிறீர்கள், அதனால் முதல் விற்பனைக்கு வரி இல்லை. ஜிஎஸ்டி வந்த புதிதில் இதற்கும் கடைக்காரர் தலையில் வரி விழுமா என்று ஒரு குழப்பம் வந்து, விழாது என்று 2017 ஜூலையிலேயே நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்துவிட்டது. இரண்டாவது விற்பனைக்கு, அதாவது நெக்லஸுக்கு, அதன் முழு மதிப்புக்கும் வரி உண்டு. விலையின் ஒரு பகுதியை நீங்கள் ரூபாயாகக் கொடுக்காமல் தங்கமாகக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். ஜிஎஸ்டி விதிகளில் 27வது விதிக்குக் கொடுத்திருக்கும் உதாரணமே இப்படித்தான் இருக்கும்: பழைய போனைக் கொடுத்துப் புது போனை 20,000க்கு வாங்குகிறார், பழையதைக் கொடுக்காவிட்டால் அதன் விலை 24,000 என்றால் வரிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது 24,000.

பெட்டிக்கடை சொல்லும் கர்நாடக ஆர்டர் உண்மைதான், ஆனால் அது வேறு கதை. பொதுமக்களிடம் பழைய நகை வாங்கி, உருக்காமல், அதே நகையாகச் சுத்தம் செய்து பாலிஷ் போட்டு மறுபடி விற்கும் கடைக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி என்று சொன்னது. உங்கள் நெக்லஸ் புது நகை. மேலும் வியாபாரி முன்கூட்டியே கேட்டு வாங்கும் அந்த மாதிரி முன்தீர்ப்பு, கேட்டவரையும் அவருக்குரிய வரி அதிகாரியையும் மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

செய்கூலி 5 சதவீதமும் அப்படித்தான். ஆசாரி கூலிக்குக் கடைக்குச் செய்து கொடுக்கும்போது அந்தக் கூலிக்கு 5. கடை உங்களுக்கு நகையாக விற்கும்போது தங்கம், சேதாரம், கூலி எல்லாம் சேர்ந்த ஒரே பொருள், மொத்தத்துக்கும் 3.

---

பெட்டிக்கடை:
ஆர்டர் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன், தலைப்பை மட்டும் படித்திருக்கிறேன். ஆனால் இணையத்தில் எங்கே பார்த்தாலும் செய்கூலிக்கு 5 என்றுதானே போட்டிருக்கிறார்கள்?

---

வவுச்சர்:
ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் நகை பில் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள், மத்திய வரி 1.5, மாநில வரி 1.5, இரண்டே வரி மொத்தத்தின் மேல் இருக்கும்.

---

நொய்யல்கரை:
சரி, அப்படியென்றால் கொழுந்தனாரின் கடை மட்டும் எப்படி மீதித் தொகைக்கு வரி போடுகிறது? அவர் போன தைக்கு அங்கேதான் வளையல் மாற்றினார், பில்லும் வைத்திருக்கிறார்.

---

வவுச்சர்:
அந்த பில்லில் எடை என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 28 கிராம் நெக்லஸை ஒரு லட்சத்துக்கு விற்றதாகக் காட்டினால் பார்க்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடும், எனவே பில்லில் 11 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடவோ போடுவார்கள், மீதி எடை ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் பில்லே இல்லாமல் வெறும் எஸ்டிமேட்டைக் கொடுத்துவிட்டு பில் என்று சொல்லியிருப்பார்கள். மூன்று வருடம் கழித்து அதே நகையை மாற்றப் போனாலோ, திருட்டுப் போய் இன்ஷூரன்ஸ் கேட்டாலோ, உங்கள் கையில் இருப்பது 11 கிராமுக்கான தாள்.

முறையாக வரி குறைவது ஒரே ஒரு வழியில். உங்கள் தங்கத்தையே உருக்கி அதிலேயே நகை செய்து கொடு என்று ஆர்டர் கொடுத்தால், தங்கம் உங்களுடையதாகவே இருக்கிறது, வேலைக்கு மட்டும் வரி. ஷோகேஸில் தொங்கும் நெக்லஸைக் கையில் வாங்கிக்கொண்டு அதை அந்தக் கணக்கில் கொண்டுவர முடியாது.

---

கறார்:
எல்லாக் கடையும் ஒன்றுதான். ஒருத்தன் வரியில் அடிப்பான், ஒருத்தன் சேதாரத்தில் அடிப்பான். நகையே வாங்காதீர்கள், நிம்மதியாக இருக்கலாம்.

---

உரைகல்:
எங்கள் வீடு பரம்பரையாக நகை வேலை செய்யும் வீடு, நான் 16 வருடம் ஒரு கடையில் பழைய நகை கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். இழையை மேலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், எல்லோரும் 5,702 ரூபாயைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மணி, "இதில் எனக்குச் சந்தேகம் இல்லை" என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் 17,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது.

நிதானமாகச் சொல்கிறேன். மெஷினில் 88 என்று வந்தால் அந்த உலோகத்தில் நூற்றுக்கு 88 பங்கு சுத்தத் தங்கம், மீதி 12 பங்கு செம்பு, வெள்ளி, பற்று வைத்த பொடி. அது சரி. அந்த 88 பங்கு சுத்தத் தங்கத்துக்கு என்ன ரேட் போட வேண்டும்? சுத்தத் தங்கத்தின் ரேட். உங்களுக்குப் போட்டது 22 காரட் ரேட். 22 காரட் என்பதே 91.6 பங்கு தங்கமும் 8.4 பங்கு செம்பு வெள்ளியும் கலந்தது. தண்ணீர் கலந்த பாலுக்கு என்று ஒரு விலை வைத்திருக்கிறார்கள். நீங்கள் கொண்டுபோன பாலில் இருந்த தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, கையில் நின்ற கெட்டிப் பாலுக்கு அந்தத் தண்ணீர்ப் பால் விலையையே கொடுத்திருக்கிறார்கள். செம்பை இரண்டு தடவை கழித்தாகிவிட்டது.

சரியான கணக்கு: 24 கிராமை 88 ஆல் பெருக்கி 91.6 ஆல் வகுத்தால் 23.057 கிராம், இதுதான் உங்கள் சங்கிலிக்குச் சமமான 22 காரட் எடை. 9,000 வீதம் 2,07,511 ரூபாய். அவர்கள் போட்டது 1,90,080. வித்தியாசம் 17,431.

நம்பிக்கை இல்லாவிட்டால் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் கடையிலேயே வாங்கிய 916 நகையை மெஷினில் வைத்தால் 91.6 என்று காட்டும். அதற்கும் நூற்றுக்கு 8.4 கழித்துத்தான் எடுப்பீர்களா?" அவர்கள் முறைப்படி கழிக்க வேண்டும், ஆனால் கழிக்க மாட்டார்கள், "எங்கள் நகைக்கு கழிவு இல்லை" என்று போர்டே வைத்திருப்பார்கள். அப்போ உங்கள் சங்கிலிக்கு 91.6க்கும் 88க்கும் உள்ள குறையைத்தானே கழிக்க வேண்டும்? 12 எங்கிருந்து வந்தது?

---

நொய்யல்கரை:
இரண்டு முறை படித்தேன். கால்குலேட்டரில் போட்டும் பார்த்தேன். வயிற்றைக் கலக்குகிறது. மெஷின் எண்ணைப் பார்த்ததுமே எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று நம்பிவிட்டேன், என் வீட்டுக்காரர் வேறு, "மெஷினே சொல்லுது, அப்புறம் என்ன" என்றார்.

---

கறார்:
நான் சொன்னேனா இல்லையா.

---

கல்லாப்பெட்டி:
நான் சின்ன ஊரில் நகைக்கடை வைத்திருப்பவன், உரைகல் ஐயா சொல்வதில் பாதிதான் நியாயம். 88 டச் தங்கத்தை அப்படியே புது நகை செய்ய முடியாது. உருக்க வேண்டும், சுத்திகரிக்கக் கொடுக்க வேண்டும், அங்கே கூலி, எடையில் குறைவு, திரும்பி வர இரண்டு மூன்று நாள், அதற்குள் ரேட் இறங்கினால் என் தலையில். உங்களுக்குப் பழையதற்கும் புதியதற்கும் அதே நிமிட ரேட் போட்டுத் தருகிறேன் அல்லவா? இதற்கெல்லாம் எங்கே போவது? அந்தக் கணக்கு பழக்கத்தில் வந்தது, திருட்டு என்று பேசாதீர்கள்.

---

உரைகல்:
செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. நான் இருந்த கடையில் அதற்கு இரண்டு சதவீதம் கழிப்போம், கழிக்கிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுக் கழிப்போம். இங்கே 88ஐ வைத்து நியாயமான குறை நூற்றுக்கு 4கூட இல்லை, கழித்தது 12. நடுவில் இருக்கும் 8 சொச்சம் உங்கள் செலவா? அதைச் செலவு என்று சீட்டில் எழுதினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார், மெஷின் தலையில் போட்டால் பேசாமல் போவார். அங்கேதான் எனக்கு உறுத்தல்.

---

கல்லாப்பெட்டி:
எங்கள் கடையில் மூன்று சதவீதம், அதையும் எழுதித்தான் கொடுக்கிறேன். எல்லோரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன். நெக்லஸுக்கு 14 சேதாரம் என்பதும் என் கடையில் இல்லை.

---

பனைமரம்:
என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமியாரின் நாலு வளையல், கையில் எடுத்தால் கனமாக இருக்கும், 38 கிராம். மெஷினில் 91 வந்தது, ஒரே சந்தோஷம். உருக்கும்போது வளையலுக்குள் இருந்து அரக்கு ஒழுகியது, வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. கட்டியாக நின்றது 29 கிராமுக்கும் கீழே. மெஷினைக் குறை சொல்ல முடியாது, அது மேலே இருந்த தகட்டைப் பார்த்து 91 என்றது, உள்ளே அரக்கு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும். மாமியாரிடம் சொன்னால் கடையில் மாற்றிவிட்டார்கள் என்று இன்று வரை நம்புகிறார்.

நொய்யல்கரை அக்கா, உங்கள் முறுக்குச் சங்கிலி உள்ளே கெட்டியா, குழலா என்று பாருங்கள்.

---

நொய்யல்கரை:
கெட்டிதான், ஆசாரி கம்பியை முறுக்கிச் செய்தது என்று அம்மா சொல்கிறார்.

---

உரைகல்:
அப்படியானால் அரக்குப் பயம் இல்லை, ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. மெஷின் கதிரைப் பாய்ச்சி மேல்தோலைத்தான் பார்க்கும், அதுவும் மிளகு அளவு இடத்தில். அந்தக் காலத்துச் சங்கிலியில் வளையத்துக்கு வளையம் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள், பற்றுப்பொடியில் தங்கம் குறைவு, செம்பும் வெள்ளியும் அதிகம். காட்மியம் கலந்து ஒட்டும் கேடிஎம் வந்த பிறகுதான் பற்று வைத்த இடத்திலும் மாற்றுக் குறையாமல் ஒட்ட முடிந்தது, அந்தக் காட்மியப் புகை ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுத்தது தனிக்கதை. மெஷினில் சங்கிலியைப் பற்று இருக்கும் பக்கமோ கொக்கிப் பக்கமோ வைத்தால் குறைவாகக் காட்டும். நடுக்கம்பியில் வைத்தால் கூடுதலாகக் காட்டும். வெறுமனே 88 என்றால் எந்த இடத்தில் எடுத்த 88? குறைந்தது மூன்று இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும், அதற்கு முன் வெந்நீரில் சோப்பு போட்டு அழுக்குப் போகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னும் சந்தேகம் என்றால் கோவையிலேயே ஹால்மார்க் போடும் மையங்கள் இருக்கின்றன, பிஐஎஸ் அங்கீகாரம் பெற்றவை. அங்கே பொதுமக்களும் பழைய நகையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். நாலு நகை வரை 200 ரூபாய்தான், தாளில் எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் சங்கிலி 98இல் செய்தது, இங்கே தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000இல், அதனால் அதில் முத்திரை தேட வேண்டாம்.

கடைசி வழி உருக்குவது. உருக்கிக் கட்டியாக்கினால் பற்றும் கம்பியும் ஒன்றாகக் கலந்துவிடும், அந்தக் கட்டியில் வரும் எண்தான் உண்மையான எண். ஆனால் உருக்குவதற்கு முன் எடை, உருக்கிய பின் எடை, கட்டியின் டச், எந்த ரேட், எவ்வளவு கழிவு, எல்லாம் பேசி முடித்துவிட்டு உருக்கச் சொல்லுங்கள். கட்டியான பிறகு அது அம்மாவின் சங்கிலி இல்லை, பிடிக்காவிட்டால் கட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

---

பெட்டிக்கடை:
சேதாரம் பற்றி யாரும் பேசவில்லையே. 28 கிராம் நகைக்கு கிட்டத்தட்ட 4 கிராம் சேதாரம், 35,280 ரூபாய். கையில் வராத தங்கத்துக்கு 3 சதவீதம் வரியும் சேர்த்து. இது அநியாயம் இல்லையா?

---

வவுச்சர்:
வரியைப் பொறுத்தவரை அது விலையின் ஒரு பகுதி, என்ன பெயர் வைத்தாலும் வரி உண்டு. 35,280க்கு 1,058 ரூபாய்.

---

உரைகல்:
சேதாரம் என்பது ஒரு காலத்தில் உண்மையான சேதாரம். அரம் போட்டால் பொடி பறக்கும், பட்டறையைக் கூட்டி அந்த மண்ணை விற்றால்கூட வாங்க ஆள் இருந்தது. இப்போது மெஷின் வேலையில் அவ்வளவு போகாது, போவதும் திரும்ப எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு அது கடையின் லாபத்துக்கு வைத்த பெயர், அதனால்தான் பேரம் பேசினால் குறைகிறது. உண்மையான நஷ்டம் என்றால் பேசினால் குறையுமா?

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பழையதற்குக் கூடுதலாகக் கேட்டால் சேதாரத்தை 14இல் இருந்து 17 ஆக்குவார்கள், சேதாரத்தைக் குறைக்கச் சொன்னால் பழையதில் இன்னும் கழிப்பார்கள். "பழைய நகை மாற்றினால் சேதாரமே இல்லை" என்ற விளம்பரத்துக்குள் போய்ப் பார்த்தால் பழையதை எந்த ரேட்டுக்கு எடுக்கிறார்கள் என்பது தெரியும். அதனால் முதலில் பழையது இருப்பதையே சொல்லாமல், காசு கொடுத்து வாங்குகிறவர் மாதிரி நெக்லஸின் சேதாரத்தைப் பேசி முடியுங்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்புறம் சங்கிலியை எடுத்து மேசையில் வையுங்கள்.

---

கறார்:
இது நல்ல யோசனை. முதல் தடவையாக இந்த இழையில் உருப்படியாக ஒன்று.

---

நொய்யல்கரை:
வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஹால்மார்க் மையம். நடுக்கம்பியில் இரண்டு இடத்தில் 90க்குக் கொஞ்சம் மேலே, கொக்கிக்குப் பக்கத்தில் 86. கடையில் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று இப்போது யோசித்தால் கொக்கிப் பக்கம்தான் என்று தோன்றுகிறது, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

தாளோடு கடைக்குப் போனேன். உரைகல் ஐயா சொன்ன 916 கேள்வியை அப்படியே கேட்டேன். சேல்ஸ்மேன் தம்பி திருதிருவென்று விழித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் முதலில் "இது எங்க பாலிசிங்க" என்றார், பிறகு காபி வந்தது, பிறகு "உருக்கிப் பார்த்துக்கலாம், வர்ற டச்சை 91.6 கணக்கிலேயே போட்டுத் தர்றோம்" என்றார். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், நான் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன், "அதில் என்ன இருக்கு, உருக்கு" என்றார். கண் எதிரே உருக்கினார்கள். 24 கிராம் 23.880 ஆனது. கட்டியில் 89.4 வந்தது. 22 காரட்டுக்குச் சமமாக 23.3 கிராம். முதல் சீட்டில் 21.120 என்று போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் முடியவில்லை. இதில் 2 சதவீதம் மெல்டிங் கழிவு என்று இன்னொன்று எடுத்தார்கள், உருக்கும்போது குறைந்த 120 மில்லி ஏற்கெனவே என் கணக்கில்தானே போனது, மறுபடி எதற்கு என்று கேட்டேன். சுத்திகரிப்புச் செலவு என்கிறார். நெக்லஸ் சேதாரம் 14 ஆகவேதான் நிற்கிறது, அதை நான் முதல் நாளே ஒத்துக்கொண்டுவிட்டேனாம். கட்டி இப்போது என் கைப்பையில் இருக்கிறது, நெக்லஸ் இன்னும் கடையில்.

---

கல்லாப்பெட்டி:
2 சதவீதம் நியாயமானதுதான் சகோதரி, விட்டுவிடுங்கள். பெயரைத்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

---

உரைகல்:
நானாக இருந்தால் அந்த 2ஐக் கொடுத்துவிட்டு சேதாரத்தில் 3 குறைக்கக் கேட்பேன். கட்டி கையில் இருக்கும்போது நீங்கள் எந்தக் கடைக்கும் போகலாம், அது அவருக்கும் தெரியும்.

---

வவுச்சர்:
எங்கே எடுத்தாலும் பில்லில் நெக்லஸின் முழு எடை, எச்யூஐடி என்ற அதன் ஆறு எழுத்து ஹால்மார்க் எண், பழையதற்குக் கழித்த தொகை தனியாக, ஜிஎஸ்டி முழு மதிப்புக்கு, இவை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். கொழுந்தனாரின் பில்லில் எடை பார்த்தீர்களா?

---

நொய்யல்கரை:
கேட்டேன். வளையல் 16 கிராம், பில்லில் 6 கிராம். அவர் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. திங்கட்கிழமை வேறு ஒரு கடையில் கட்டியைக் காட்டப் போகிறேன், ரேட் வேறு ஏறிக்கொண்டிருக்கிறது.